பாதி நிறைந்த குழி

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரித் தண்ணீரை நம்பிச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நெல் நடுகிறார்கள். நெல் விளைந்தால் வைக்கோல் கிடைக்கும்; வைக்கோல் இருக்கிற வீட்டில் கறவை மாடும் இருக்கும். தவிடும் புண்ணாக்கும் விலையேற ஏற, மாட்டுத் தீவனத்தோடு கலக்க வீட்டுக்குப் பின்னாலேயே அசோலா வளர்க்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரவியது. இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய சோதனைக்கூடம் அந்த அசோலாக் குழிதான். ஒரு உயிரினம் பெருகுவதையும், பெருக்கம் தளர்வதையும், கடைசியில் நிற்பதையும் ஒரே மாதத்தில் தராசு வைத்து நிறுத்துப் பார்க்கக்கூடிய இடம் வேறு எளிதில் கிடைக்காது.

அசோலா தண்ணீரில் மிதக்கும் ஒரு சிறு பெரணி. அதன் இலைக்குள் இருக்கும் பொந்துகளில் நீலப்பச்சைப் பாசி ஒன்று குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. அதனால் தழைச்சத்துக்கு அசோலா யாரையும் எதிர்பார்ப்பதில்லை. குழி அமைக்கும் முறையும் எளிது. இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, சில்பாலின் தாள் விரித்து, சலித்த மண் 10 முதல் 15 கிலோ பரப்புகிறார்கள். 2 கிலோ சாணத்தையும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் கரைத்து ஊற்றி, 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை அசோலா விதை போடுகிறார்கள். 10 முதல் 15 நாளில் குழி நிறைந்துவிடும். அதன்பின் தினமும் 500, 600 கிராம் எடுக்கலாம் என்பது விவசாயிகளுக்குச் சொல்லப்படும் கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு கிலோ இருந்தபோது மூன்றே நாளில் இரட்டிப்பாகத் துடித்த அசோலா, குழி நிறைய இருக்கும்போது நாளுக்கு அரைக் கிலோதான் தருமா? இன்னும் நிறைய இருந்தால் இன்னும் நிறைய விளைய வேண்டாமா?

தடை இல்லாத பெருக்கம்

முதலில் எந்தத் தடையும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நல்ல தட்பவெப்பத்தில் அசோலா மூன்று நாளில் இரட்டிப்பாகிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ மூன்றாம் நாள் 2 கிலோ, ஆறாம் நாள் 4, ஒன்பதாம் நாள் 8, பன்னிரண்டாம் நாள் 16 கிலோ. முப்பதாம் நாள் 1,024 கிலோ, அதாவது ஒரு டன்னுக்கு மேல். அறுபதாம் நாள் ஆயிரம் டன்னைத் தாண்டிவிடும். ஒரு சதுர மீட்டரில் அடர்த்தியாக 2.5 கிலோ மிதக்கும் என்று கொண்டால், அத்தனையையும் மிதக்கவிட நூறு ஏக்கருக்கு மேல் நீர்ப்பரப்பு வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிலோவில் தொடங்கியது, இரண்டு மாதத்தில் ஒரு பெரிய ஏரியையே மூடிவிடும்.

இதற்குப் பெயர் அடுக்குக்குறி வளர்ச்சி. இருப்பது எவ்வளவோ அதற்கு ஏற்ற விகிதத்தில் கூடுதல் சேருகிறது. சேர்ந்த கூடுதலும் அடுத்த நிமிடமே பெருகத் தொடங்குகிறது. கூட்டு வட்டியில் வட்டி அசலோடு சேர்வதைப் போன்றதுதான் இது. மூன்று நாளில் இரட்டிப்பு என்றால், எந்தக் கணத்திலும் ஒரு கிலோ அசோலா நாளுக்கு 231 கிராம் வேகத்தில் கூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த 0.231 என்ற எண்ணை r என்று குறிப்பார்கள். வளைவாக வரைந்தால் இது ஆங்கில எழுத்து ஜே வடிவில் மேலே பாயும்.

தாமஸ் மால்தஸ் 1798-இல் எழுதிய கட்டுரை மனிதத் தொகையைப் பற்றி இதே அச்சத்தைத்தான் எழுப்பியது.   பெருக்கம் ஒருநாள் தடைபடும் என்று மால்தஸ் சொன்னார். அந்தத் தடை எந்த வேகத்தில், எந்தக் கணக்கில் வேலை செய்கிறது என்று அவர் எழுதிக் காட்டவில்லை.

தடை எப்போது தொடங்குகிறது?

குழி நிறைந்ததும் வளர்ச்சி நின்றுவிடும் என்று நினைப்பது இயல்பு. அப்படியானால் முதல் நாளிலிருந்து குழி நிறையும் நாள்வரை முழு வேகம், அதன்பின் திடீரென்று பூஜ்ஜியம் என்று இருக்க வேண்டும். உண்மையில் அப்படி நடப்பதில்லை.

குழியில் விழும் வெயில் ஒரு அளவுதான். ஒரு செடி விரித்த இலையின் கீழே இன்னொரு செடிக்கு நிழல். தண்ணீரில் கரைந்திருக்கும் மணிச்சத்தும் ஒரு அளவுதான்; ஒரு வேர் உறிஞ்சியது இன்னொரு வேருக்கு இல்லை. இரண்டாவது செடி பிறந்த கணத்திலேயே முதல் செடியின் பங்கு கொஞ்சம் குறைந்துவிட்டது. ஆரம்பத்தில் இந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியாது. செடிகள் கூடக் கூட அது கூடுகிறது. நெருக்கம் முற்றினால் அசோலா அடுக்கடுக்காக ஏறி, அடி அடுக்கு வெயில் படாமல் அழுகத் தொடங்கும். ஒருபக்கம் புதிது முளைக்க, மறுபக்கம் அதே அளவு அழுகினால், கூடுதல் என்று எதுவும் மிஞ்சாது. அந்த நிலையில் குழியில் இருக்கும் எடைதான் அதன் தாங்குதிறன். அதை K என்று எழுதுவார்கள்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் பிரான்சுவா வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் இதைக் கணக்காக்கினார். இருப்பது தாங்குதிறனில் எத்தனை பங்கை நிரப்பியிருக்கிறதோ, அத்தனை பங்கு வேகம் குறையும் என்று எடுத்துக்கொண்டார். 1845-இல் இந்த வளைவுக்கு லாஜிஸ்டிக் என்று பெயரும் வைத்தார்.

```
dN/dt = r N (1 − N/K)
```

இடப்பக்கம் இருப்பது ஒரு நாளில் கூடும் எடை. N என்பது குழியில் இப்போது இருக்கும் எடை; வலப்பக்கம் rN என்பது தடையற்ற பெருக்கம். அடைப்புக்குள் இருப்பது காலியாக உள்ள பங்கு. குழியில் பத்தில் ஒரு பங்கு நிரம்பியிருந்தால் வேகம் பத்தில் ஒன்பது. பாதி நிரம்பியிருந்தால் வேகமும் பாதி. முழுதும் நிரம்பினால் பூஜ்ஜியம்.

நம் குழியின் தாங்குதிறன் 10 கிலோ என்று கொள்வோம். ஒரு கிலோ விதையில் தொடங்கினால் மூன்றாம் நாள் 1.8 கிலோ, ஆறாம் நாள் 3.1, ஒன்பதாம் நாள் 4.7, பன்னிரண்டாம் நாள் 6.4, பதினைந்தாம் நாள் 7.8 கிலோ. முப்பதாம் நாள் 9.9 கிலோ. தடையற்ற கணக்கில் ஒரு டன்னைத் தாண்ட வேண்டியது, 10 கிலோவைத் தொடாமல் நெருங்கிக்கொண்டே இருக்கிறது. இந்த வளைவு எஸ் எழுத்தின் வடிவம். பத்துப் பதினைந்து நாளில் குழி நிறையும் என்று விவசாயிகளுக்குச் சொல்லப்படுவதும் இந்த வளைவோடு பொருந்துகிறது.

முதல் வாரத்தில் தெரியாதது

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். மூன்றாம் நாளில் ஒன்று 2 கிலோ என்கிறது, மற்றது 1.8 கிலோ என்கிறது. வித்தியாசம் 200 கிராம்கூட இல்லை. அசோலாவைச் சல்லடையில் அள்ளித் தண்ணீர் வடிய ஐந்து நிமிடம் விடுவதற்கும் பத்து நிமிடம் விடுவதற்கும் இடையிலேயே எடை கணிசமாக மாறும். ஆக, முதல் சில நாள் எடையை வைத்து இது எந்த வகை வளர்ச்சி என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. தாங்குதிறன் 10 கிலோவா 15 கிலோவா என்பதையும் சொல்ல முடியாது. ஒன்பதாம் நாளில் 8 கிலோவுக்குப் பதில் 4.7 கிலோ நிற்கும்போதுதான் கதை வெளிப்படுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. மொத்த எடையைப் பார்க்காமல், ஒரு கிலோ அசோலா நாளுக்கு எத்தனை கிராம் சேர்க்கிறது என்று பாருங்கள். அடுக்குக்குறி வளர்ச்சியில் அந்த எண் மாறாமல் 231-லேயே நிற்கும். லாஜிஸ்டிக் வளர்ச்சியில், இருப்பு 1 கிலோவாக இருக்கும்போது 208 கிராம், 5 கிலோவில் 116 கிராம், 9 கிலோவில் 23 கிராம் என்று ஒரே சீராக இறங்கும். இருப்பைக் கிடைமட்டத்திலும் இந்த எண்ணைச் செங்குத்திலும் குறித்தால் சாய்வான ஒரு நேர்கோடு வரும். கோடு இடது அச்சைத் தொடும் இடம் r. அடியைத் தொடும் இடம் K. எடை பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் தண்ணீர் வடியவிட்டால் போதும், ஒரு பள்ளி மாணவரே இந்தக் கோட்டை வரைந்துவிடலாம்.

வளைவு முழுதாகத் திரும்புவதற்கு முன்பே உச்சியைச் சொல்லத் துணிந்தவர்கள் சறுக்கியிருக்கிறார்கள். வெர்ஹுல்ஸ்டின் கணக்கு ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. 1920-இல் அமெரிக்காவின் ரேமண்ட் பேர்லும் லோவல் ரீடும் அதைத் தாங்களாகவே மீண்டும் கண்டடைந்து, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளோடு பொருத்தினார்கள். பழைய எண்கள் வளைவில் அழகாக உட்கார்ந்தன. நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 19.7 கோடியில் நிலைபெறும் என்றார்கள். 1960-களின் கடைசியிலேயே அமெரிக்கா 20 கோடியைத் தாண்டிவிட்டது, அதன்பின்னும் நிற்கவில்லை. வளைவின் அடிப்பாதி ஒழுங்காகப் பொருந்துவது மேல்பாதிக்கு உத்தரவாதம் ஆகாது. மனிதர்கள் விவசாயத்தையும் மருத்துவத்தையும் குடியேற்றத்தையும் மாற்றும்போது, K என்பதே இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டு எண்களிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது. 1951-இல் 3.01 கோடியாக இருந்த மக்கள்தொகை 2011-இல் 7.21 கோடி. பத்தாண்டு வளர்ச்சி 1961–71-இல் 22.3 சதவீதமாக இருந்து, 1991–2001-இல் 11.7 சதவீதமாக இறங்கியது. எஸ் வளைவின் மேல்பகுதி என்று சொல்லத் தோன்றும். ஆனால் அடுத்த பத்தாண்டில் அது 15.6 சதவீதமாக ஏறியது. சீரான வளைவு இப்படி ஏறாது. அதைவிட முக்கியம், இங்கே வேகம் குறைந்தது சோறோ இடமோ தீர்ந்ததால் அல்ல. பெண்கள் படித்தார்கள், திருமண வயது கூடியது, பிறந்த குழந்தைகள் பிழைத்தன, குடும்பநலச் சேவை ஊருக்கு வந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.8. மக்கள் தாங்களே முடிவெடுத்துக் குறைத்துக்கொண்டதை, நிழலில் அழுகும் அசோலாவின் கணக்கில் சேர்க்கக்கூடாது. வளைவு ஒன்றுபோல் இருப்பதால் காரணமும் ஒன்று என்று ஆகிவிடாது.

கணக்கில் இன்னொரு அனுமானமும் உண்டு: நெருக்கடி ஏற்பட்ட உடனே வேகம் குறைகிறது என்பது. பல தலைமுறைக்குச் சேர்ந்து கிடக்கும் உணவை உண்டு பெருகும் உயிருக்கு இது பொருந்தாது. அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவில் 1944-இல் 29 கலைமான்களை விட்டார்கள். மிக மெதுவாக வளரும் லைக்கனைத் தின்று 1963-இல் அவை சுமார் 6,000 ஆயின. அடுத்து வந்த கொடிய பனிக்காலத்துக்குப் பின், 1966-இல் எஞ்சியவை 42. அங்கே எஸ் வளைவு வரவில்லை. ஏறியதைவிட வேகமாகச் சரிந்தது. அசோலாவுக்கு வெயில் தினமும் புதிதாக வருகிறது, சேமிப்பைத் தின்று அது வளர்வதில்லை. அதனால்தான் அது மெல்லத் தளர்ந்து நிற்கிறது.

வளர்ச்சி நின்றால் எது குறை?

குழியில் வளர்ச்சி தளர்ந்துவிட்டது. இடம் போதவில்லையா, மணிச்சத்து போதவில்லையா, வெயில் சுடுகிறதா? மூன்றுக்கும் மூன்று அடையாளம் உண்டு.

இடம்தான் குறை என்றால் அசோலா பச்சையாகவே இருக்கும், மடிந்து மடிந்து அடுக்காகக் கிடக்கும். பாதியை அள்ளிவிட்டால் மீதி உடனே வேகம் பிடிக்கும். மணிச்சத்து குறைந்தால் பாதியை அள்ளினாலும் வேகம் வராது. இலை சிறுத்துச் சிவக்கும், வேர் நீளும். ஒவ்வொரு முறை அள்ளும்போதும் செடியோடு மணிச்சத்தும் குழியைவிட்டு வெளியேறுகிறது. அதனால்தான் ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் ஒரு கிலோ சாணமும் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டால், குழியின் அளவு மாறாமலேயே அதன் K மட்டும் வாரத்துக்கு வாரம் சுருங்கும்.

சிவப்பு நிறம் கடும் வெயிலாலும் வரும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. நிழல்வலை போட்ட பக்கம் பச்சையாகவும் வெட்டவெளிப் பக்கம் சிவப்பாகவும் இருந்தால் குற்றவாளி வெயில். இரண்டு பக்கமும் சிவந்திருந்தால் மணிச்சத்தைச் சந்தேகிக்கலாம். 35 டிகிரிக்கு மேல் சூடேறினால் அசோலாவின் பெருக்கம் தளர்கிறது. கத்திரி வெயிலில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அது சர்வசாதாரணம். அப்போது குறைவது பெரும்பாலும் r. குழி பார்வைக்கு முன்போலவே நிறைந்திருக்கும், ஆனால் அள்ளிய இடம் நிரம்ப நாளாகும்.

எவ்வளவு அள்ளலாம்?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். குழியில் அதிகம் இருந்தால் அதிகம் விளையுமா?

இருப்பு 1 கிலோவாக இருந்தால் கிலோவுக்கு 208 கிராம், மொத்தம் நாளுக்கு 208 கிராம். இருப்பு 9 கிலோ என்றால் கிலோவுக்கு 23.1 கிராம்தான்; ஒன்பதால் பெருக்கினால் அதே 208 கிராம்! ஏறக்குறைய காலியான குழியும் ஏறக்குறைய நிறைந்த குழியும் ஒரே விளைச்சலைத்தான் தருகின்றன. முதலதில் பெருகச் செடி இல்லை, இரண்டாவதில் பெருக இடம் இல்லை. இருப்பு 5 கிலோவாக, அதாவது தாங்குதிறனில் சரிபாதியாக இருக்கும்போது நாளுக்கு 578 கிராம் கிடைக்கிறது. அதுதான் உச்சம். 500, 600 கிராம் என்று விவசாயிகளுக்குச் சொல்லப்படும் கணக்கும் இந்த இடத்தில்தான் விழுகிறது. குழி பச்சைப் பசேலென்று நிறைந்து கிடப்பது கண்ணுக்கு நிறைவு. ஆனால் அந்தக் குழி மாட்டுக்கு ஒன்றும் தருவதில்லை.

அப்படியானால் இருப்பைச் சரியாக 5 கிலோவில் நிறுத்தித் தினமும் 578 கிராம் அள்ளலாமா? கணக்கு அனுமதிக்கிறது, நடைமுறை அனுமதிக்காது. ஒரு நாள் கை தவறிக் கூடுதலாக அள்ளினாலும் இருப்பு 5-க்குக் கீழே போகும். அங்கே விளைச்சல் 578-ஐவிடக் குறைவு. மறுநாளும் அதே 578-ஐ அள்ளினால் இருப்பு இன்னும் இறங்கும். இறங்க இறங்க விளைச்சலும் இறங்கும். ஏரி மீனிலும் கடல் மீனிலும் ஒரே அளவு பிடிப்பு என்று வருடாவருடம் நிர்ணயிப்பதன் ஆபத்து இதுதான்.

பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று வளைவே காட்டிக்கொடுக்கிறது. இருப்பு 4 கிலோவாக இருந்தால் நாளுக்கு 554 கிராம். 6 கிலோவாக இருந்தாலும் அதே 554 கிராம். விளைச்சல் ஒன்றுதான், நிலைமை வேறு. 6 கிலோவில் நிற்கும்போது தவறிக் கொஞ்சம் அதிகம் அள்ளினால் இருப்பு 5-ஐ நோக்கி நகர்கிறது, விளைச்சல் கூடுகிறது, குழி தானாகவே 6-க்கு மீள்கிறது. 4 கிலோவில் நிற்கும்போது அதே தவறைச் செய்தால் விளைச்சல் குறைந்து, சரிவு சரிவையே வளர்க்கிறது. உச்ச விளைச்சலில் 24 கிராமை விட்டுக்கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது.

கோடையில் இந்தக் கணக்கை மாற்ற வேண்டும். வெயிலில் r பாதியாகக் குறைந்தால் உச்ச விளைச்சலும் பாதி, 289 கிராம்தான். அது தெரியாமல் 550 கிராம் அள்ளிக்கொண்டே போனால், 6 கிலோ இருப்புள்ள குழி மூன்று வாரத்துக்குள் காலியாகிவிடும். மாசியில் சரியாக இருந்த அளவு சித்திரையில் குழியைக் கொன்றுவிடும். ஆகையால் தினம் இத்தனை கிராம் என்று வைத்துக்கொள்வதைவிட, நீர்ப்பரப்பில் பாதிக்குச் சற்று அதிகமாகவே அசோலா எப்போதும் மிதக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் வளர்ந்ததை மட்டும் அள்ளினால், வெயில் காலத்தில் அளவு தானாகக் குறையும், மழைக்காலத்தில் தானாகக் கூடும். தராசும் வேண்டாம், r எவ்வளவு என்று தெரிந்திருக்கவும் வேண்டாம்.